கத்திரி வெயிலில் தளம் போட்டால்

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்துதான் இறுகுகிறது. அந்த ஈரம் வற்றினால் வினை நின்றுவிடும். மேற்பரப்பு பொடியாக உதிரும்.

மே மாத வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்கு ஆபத்து முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குகிறது. அனல்காற்று ஈரத்தை உறிஞ்ச, இறுகும் முன்பே மெல்லிய வெடிப்புகள் ஓடும். அதனால் மாலையில் கான்கிரீட் போடுவது நல்லது. மட்டம் பார்த்து முடித்ததும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். மறுநாள் காலை சிமெண்ட் கலவையால் வரப்பு எழுப்பி, பாத்தி பாத்தியாக 2 அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். காலை, மாலை மட்டும் குழாயால் நனைத்தால் போதாது. நடுப்பகலில் தளம் வெளுத்துவிடும்.

சாதாரண சிமெண்டுக்கு இந்தியத் தரவிதி கேட்பது குறைந்தது 7 நாள். வெயில் காலத்தில் 10. இன்று வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்கும் சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் மெதுவாக வலுப்பெறும். அதற்கு 14 நாள் தண்ணீர் நிற்கட்டும்.