வாட்ச் ஏன் வழி மாறுகிறது?

போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. ஆப்பிள் வாட்ச் கட்டியவர் மொட்டைமாடிக்குப் போகிறார். நடுவில் கான்கிரீட் தளம். ப்ளூடூத் அறுந்ததும் வாட்ச் வீட்டு வைஃபையைப் பிடிக்கிறது. படியிறங்கினால் மறுபடி ப்ளூடூத்.

இது கோளாறு அல்ல. வாட்சின் பேட்டரி சிறியது. அதனால் மின்சாரம் குறைவாகச் செலவாகும் ப்ளூடூத்துக்கே அது முதலிடம் தருகிறது. சிக்னல் எல்லையில் நிற்கும்போதுதான் இந்தத் தாவல் தொல்லையாகிறது. கன்ட்ரோல் சென்டரில் பச்சை போன் சின்னம் தெரிந்தால் போன் வழி இணைப்பு. நீல வைஃபை சின்னம் என்றால் நேரடி இணைப்பு.

நேரடியாக இணைக்க, வாட்சின் Settings-இல் Wi-Fi சென்று வீட்டு நெட்வொர்க்கைத் தேர்ந்து பாஸ்வேர்டு கொடுத்தால் போதும். பெயரே தெரியவில்லையா? சீரிஸ் 5 வரையிலான வாட்சுகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே எட்டும். அதை ரூட்டரில் இயக்க வேண்டும்.

வைஃபையிலேயே நிறுத்த ஐபோனின் Settings-க்குள் போய் ப்ளூடூத்தை அணைக்க வேண்டும். கன்ட்ரோல் சென்டரில் தட்டினால் வாட்ச் இணைப்பு அறாது.