நான்கு அறைகளையும் எண்ணிப் பாருங்கள்

பத்தாம் வகுப்பு அறிவியலில் சுற்றோட்ட மண்டலம் நடத்தப்போகும் ஓர் ஆசிரியர், படம் உருவாக்கும் ஏஐ செயலியில் இப்படித் தட்டச்சு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “மனித இதயத்தின் உள்ளமைப்பு, இன்ஃபோகிராஃபிக் பாணியில், பாகங்களின் பெயர்கள் தமிழில். ஓரத்தில் இரத்தத்தின் இயைபு வட்ட விளக்கப்படமாக.” ஒரு நிமிடத்துக்குள் படம் வந்துவிடும். நிறம், நிழல், அம்புக்குறி எல்லாம் அச்சகத்தில் காசு கொடுத்து வடிவமைத்தது போலவே இருக்கும். ஆபத்தும் அந்த அழகில்தான் இருக்கிறது. கையால் கோணலாக வரைந்த படத்தைப் பார்த்தால் நமக்கே சந்தேகம் வரும். இப்படிப் பளபளப்பாக வந்தால் யாருக்கும் வராது.

அந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் வழக்கமான சில பிழைகள் கண்ணில் படும். முதலாவது இடமும் வலமும். இதயப் படம் என்பது நமக்கு எதிரே நிற்பவரின் இதயம். அதனால் படத்தின் இடப்பக்கம் இருப்பது அவருடைய வலது ஆரிக்கிளும் வலது வெண்ட்ரிக்கிளும். செயலி இதைப் பலமுறை மாற்றிப்போட்டுவிடும். இரண்டாவது நிறம். தமனி என்றால் சிவப்பு, சிரை என்றால் நீலம் என்பது பொது வழக்கம். ஆனால் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நுரையீரல் தமனியில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். ஆகவே அதற்கு நீலம்தான் தீட்ட வேண்டும். நுரையீரல் சிரைக்குச் சிவப்பு. தேர்வில் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது. செயலியும் இதே இடத்தில் தடுக்கும். மூன்றாவது சுட்டுக்கோடு. ‘ஈரிதழ் வால்வு’ என்று எழுதியிருக்கும், அதிலிருந்து புறப்படும் கோடு வெண்ட்ரிக்கிளின் சுவரிலோ வெற்றிடத்திலோ போய் முடியும்.

இந்தப் பிழைகளுக்குக் காரணம், செயலி வேலை செய்யும் விதம். இவற்றில் பல, புள்ளிப் புள்ளியாகச் சிதறிய இரைச்சலில் தொடங்கி, நாம் கேட்டதைப் போலத் தோன்றும்வரை அதைப் படிப்படியாகத் தெளிவாக்கும். எந்தப் படியிலும் “இதயத்துக்கு நான்கு அறைகள், இரத்தம் இந்த வழியாகப் போகும்” என்று சரிபார்க்கும் கட்டம் கிடையாது. கற்றுக்கொண்ட ஏராளமான படங்களில் இதயப் படம் பொதுவாக எப்படி இருந்ததோ, அந்தச் சாயலை அது கொண்டுவருகிறது. எழுத்தும் அதற்கு ஒரு சாயல்தான். படிக்கத் தெரியாத ஓவியர் பெயர்ப்பலகையைப் பார்த்து அப்படியே வரைவதைப் போல.

தமிழில் இது இன்னும் மோசமாவதற்குத் தனிக் காரணம் உண்டு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பிரபலமான மாதிரியின் முதல் பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். 512-க்கு 512 பிக்சல் படத்தை அது 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கி வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. அதாவது 8-க்கு 8 பிக்சல் கொண்ட சதுரம் ஒரே கட்டமாகிவிடும். சிறிய எழுத்தில் வரும் ஒரு மெய்ப்புள்ளி அந்தச் சதுரத்தைவிடச் சிறியது. ‘வெண்ட்ரிக்கிள்’ என்ற சொல்லில் மட்டும் நான்கு புள்ளிகள் இருக்கின்றன. ஒன்று நழுவினாலும், ஒற்றைக்கொம்பு இடம் மாறினாலும், அது தமிழ்போலத் தோன்றுமே தவிரத் தமிழாக இருக்காது. பயிற்சிக்குக் கிடைத்த படங்களில் ஆங்கில எழுத்து இருக்கும் அளவுக்குத் தமிழ் இல்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஆங்கிலத்திலும் நிலைமை எப்போதும் நன்றாக இருந்ததில்லை. 2024 பிப்ரவரியில் ஃபிரான்டியர்ஸ் பதிப்பகத்தின் உயிரணு வளர்ச்சி உயிரியல் ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரையை அறிவியல் உலகம் மறக்காது. அதில் மிட்ஜர்னி செயலியில் உருவாக்கிய எலியின் உடற்கூறு படம் இருந்தது. உறுப்புகளின் அளவே நகைப்புக்குரியதாக இருந்தது. அவற்றின் பெயர்களோ எந்த அகராதியிலும் இல்லாதவை. நிபுணர்களின் மதிப்பாய்வைக் கடந்து அச்சான அந்தக் கட்டுரை, சமூக ஊடகங்களில் சிரிப்பாய்ச் சிரித்த பிறகு சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது. உயிரியல் படித்தவர்களின் மதிப்பாய்வையே தாண்டி அச்சான ஒன்று, பதினைந்து வயதுப் பிள்ளையின் கண்ணில் சிக்கும் என்று எதிர்பார்க்க முடியுமா?

புதிய மாதிரிகள் எழுத்துகளைப் பெருமளவு சரியாகவே எழுதுகின்றன. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் நிம்மதி அடைவதற்கில்லை. முன்பு எழுத்துப் பிழையே எச்சரிக்கை மணியாக இருந்தது. இப்போது பெயர் பிழையில்லாமல் இருக்கும், அது ஒட்டியிருக்கும் உறுப்பு மட்டும் வேறாக இருக்கும்.

எண்களின் கதையும் இதேதான். இரத்தத்தில் பிளாஸ்மா சுமார் 55 சதவீதம், செல்கள் சுமார் 45 சதவீதம். வட்டத்தின் 360 பாகையில் பிளாஸ்மாவுக்கு 198 பாகை, செல்களுக்கு 162 பாகை வர வேண்டும். 55-ஐ 3.6-ஆல் பெருக்கும் வேலை படம் தீட்டும்போது நடப்பதில்லை. அதனால் ‘55%’ என்று எழுதிவிட்டு முக்கால் வட்டத்துக்கு மஞ்சள் பூசிவிடலாம். நாம் கேட்காத மூன்றாவது துண்டு ஒன்றையும் சேர்த்து அதற்கும் ஒரு சதவீதம் எழுதிவிடலாம். கண்டுபிடிக்கும் வழி எளிது. படத்தை அச்செடுத்து, மாணவர்களின் கணிதப் பெட்டியில் இருக்கும் கோணமானியை வைத்து அளந்தால் போதும். சதவீதங்களைக் கூட்டினால் 100 வருகிறதா என்றும் பாருங்கள். சில உரையாடல் செயலிகள் உள்ளுக்குள் நிரல் எழுதி விளக்கப்படம் வரையும். அப்படி வந்ததில் கோணம் சரியாக இருக்கும். ஆனாலும் அதில் இட்ட எண் சரிதானா என்பதைப் பாடநூலில்தான் பார்க்க வேண்டும்.

ஒரு பிழையை மட்டும் திருத்தச் சொன்னால் என்ன ஆகும்? பெரும்பாலும் படம் முழுவதும் மறுபடி வரையப்படும். வால்வின் பெயர் சரியாகும், பெருந்தமனி காணாமல் போயிருக்கும். திருத்தத் திருத்தப் புதுப்பிழை முளைப்பதால், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். செயலியிடம் கேட்கும்போது ‘இன்ஃபோகிராஃபிக்’, ‘பெயர் குறித்த படம்’ போன்ற சொற்களையே விட்டுவிடுங்கள். பயிற்சியில் பார்த்த இன்ஃபோகிராஃபிக் எல்லாவற்றிலும் எழுத்து இருந்ததால், அந்தச் சொல்லே பொய் எழுத்துகளை இழுத்துவரும். ‘எழுத்து வேண்டாம்’ என்று சொன்னாலும் சில மாதிரிகள் ‘எழுத்து’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். வேண்டாதவற்றைக் குறிக்கத் தனிப் பெட்டி இருந்தால் அங்கே எழுதலாம். இல்லையென்றால் வேண்டியதை மட்டும் இப்படிக் கேட்கலாம்:

“ஓடிக் களைத்த பள்ளிச் சிறுமி, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து நாடி பார்க்கிறாள். எளிய தட்டையான ஓவியம், நான்கைந்து நிறங்கள், வெள்ளைப் பின்னணி, வலப்பக்கம் பாதி இடம் காலி.”

இதில் இதயம் இல்லை என்பதைக் கவனியுங்கள். பாடத்துக்குள் ஆர்வமாக நுழைய வைக்கும் காட்சியைச் செயலி வரையட்டும். இதயத்தின் உள்ளமைப்பைப் பாடநூலிலிருந்தே எடுங்கள், அல்லது பாடநூலைப் பார்த்து வரையுங்கள். வட்ட விளக்கப்படத்தை எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்ற விரிதாளில் எண்ணை இட்டு உருவாக்குங்கள். பெயர்களையும் சுட்டுக்கோடுகளையும் பவர்பாயின்ட் போன்ற மென்பொருளில் யூனிகோடு எழுத்துருவில் நீங்களே சேருங்கள். அப்போதுதான் ஒரு பெயரை மாற்றினால் மற்றவை அசையாமல் இருக்கும். அடுத்த ஆண்டும் பயன்படும்.

யாரோ அனுப்பிய படம் கைக்கு வந்துவிட்டதா? உடலிலிருந்து வரும் பெருஞ்சிரையில் விரலை வைத்து வலது ஆரிக்கிள், வலது வெண்ட்ரிக்கிள், நுரையீரல், இடது ஆரிக்கிள், இடது வெண்ட்ரிக்கிள், பெருந்தமனி என்று நகர்த்திப் பாருங்கள். எங்காவது வழி அடைபட்டால், அறை ஒன்று குறைந்தால், இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடித்து இல்லாவிட்டால், அந்தப் படத்தைத் திருத்த முயல வேண்டாம். அதை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். ஆசிரியர் குழுக்களில் பகிரவும் செய்யாதீர்கள்.