பயனிலையிலிருந்து பின்னோக்கி

'ஊர்மக்கள் செல்வியைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர்.' இந்த வாக்கியத்தைக் கொடுத்து உறுப்புகளைப் பிரித்தெழுதச் சொன்னால், ஊர்மக்கள் எழுவாய், தேர்ந்தெடுத்தனர் பயனிலை, செல்வியை செயப்படுபொருள் என்பதுவரை பெரும்பாலான மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுவார்கள். மிச்சம் நிற்கிற 'தலைவராக' என்ற சொல்தான் தகராறு. செல்வியோடு ஒட்டி வருவதால் அதையும் செயப்படுபொருளில் சேர்ப்பவர்கள் உண்டு. 'அழகாக', 'வேகமாக' போல '-ஆக' என்று முடிகிறதே, இது வினையடைதான் என்று முடிவுகட்டுபவர்களும் உண்டு. இரண்டுமே பொருந்தாது. அது நிரப்பி. ஆங்கில வகுப்பில் எஸ்-வி-ஓ-சி என்று எழுதப் பழகியிருக்கிறோமே, அதில் வரும் 'சி' இதுதான். எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் தமிழ் வகுப்பிலேயே பழகிப்போனவை. நான்காவதை நாம் அதிகமும் ஆங்கில வகுப்பில்தான் சந்திக்கிறோம். அதனால் தமிழ் வாக்கியத்தில் எதிர்ப்படும்போது அடையாளம் தெரிவதில்லை.

வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து பிரிக்கத் தொடங்குவதுதான் பாதிப் பிழைகளுக்குக் காரணம். தமிழில் முதலில் நிற்பது எழுவாயாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 'பாம்பைக் கீரி கொன்றது' என்றாலும் கொன்றது கீரிதான். ஆகவே கடைசியிலிருந்து, அதாவது பயனிலையிலிருந்து, பின்னோக்கி வருவது நல்லது. தமிழ் வினைமுற்று தன் எழுவாயை விகுதியிலேயே ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். 'தேர்ந்தெடுத்தனர்' என்பதன் பலர்பால் விகுதி, செய்தவர்கள் பலர் என்கிறது. யார் தேர்ந்தெடுத்தனர் என்று கேட்டால் ஊர்மக்கள். யாரைத் தேர்ந்தெடுத்தனர் என்றால் செல்வியை. இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 'ஊர்மக்கள் செல்வியைத் தேர்ந்தெடுத்தனர்' என்று சொன்னால் கேட்பவர் உடனே, 'எதற்கு? என்னவாக?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கான பதில்தான் 'தலைவராக'.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. செல்வியும் தலைவரும் வேறுவேறு ஆட்களா? இல்லை, ஒரே ஆள். செயப்படுபொருள் யார் அல்லது எப்படிப்பட்டது என்று சொல்லி முடிக்கிற சொல் நிரப்பி. 'செல்வி பாட்டை வேகமாகப் பாடினாள்' என்பதில் வேகம் பாடுகிற செயலைச் சேர்ந்தது. பாட்டு எது என்பதை அது சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டாலும் 'செல்வி பாட்டைப் பாடினாள்' என்று வாக்கியம் குறையில்லாமல் நிற்கும். எனவே அது வினையடை. ஒரே '-ஆக' இரண்டு இடத்திலும் இருப்பதால், உருவத்தை நம்பி முடிவெடுக்க முடியாது.

இன்னொரு சோதனை செயப்பாட்டு வினை. நம் வாக்கியத்தை மாற்றினால் 'செல்வி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள்' என்று வரும். செயப்படுபொருளாக இருந்த செல்வி 'ஐ' உருபை உதறிவிட்டு எழுவாய் ஆகிவிட்டாள். வினைமுற்றும் அவளுக்கேற்ப மாறிவிட்டது. 'தலைவராக' மட்டும் அசையாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முன்பு செயப்படுபொருளை நிரப்பியது, இப்போது எழுவாயை நிரப்புகிறது.

செயப்படுபொருளே இல்லாத வாக்கியங்களில்தான் குழப்பம் அதிகம். 'குமார் பால் குடித்தான்', 'குமார் ஆசிரியர் ஆனான்' ஆகிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அச்சில் இரண்டும் ஒரே வார்ப்பு: ஒரு பெயர், இன்னொரு பெயர், ஒரு வினை. ஆனால் முதலாவதில் 'ஐ' மறைந்து நிற்கிறது. 'பாலைக் குடித்தான்' என்று விரித்துச் சொல்லலாம். 'ஆசிரியரை ஆனான்' என்று யாராலும் சொல்ல முடியாது. வேண்டுமானால் 'ஆசிரியராக ஆனான்' என்று சொல்லலாம். ஐ ஏற்குமானால் செயப்படுபொருள், ஏற்காமல் 'ஆக' ஏற்குமானால் நிரப்பி. தேர்வுக்கூடத்தில் மனத்துக்குள்ளேயே செய்துபார்க்கக்கூடிய சோதனை இது. எழுத்தில் 'ஆசிரியரானான்' என்று சேர்ந்து வந்துவிட்டால் முழுவதையும் பயனிலை என்று எழுதிவிடுகிறார்கள். 'ஆசிரியர்', 'ஆனான்' என்று பிரித்துக்கொண்ட பிறகுதான் உறுப்பு தெரியும்.

பவணந்தி முனிவர் நன்னூலில் இரண்டாம் வேற்றுமைக்கு ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று ஆறு பொருள்கள் சொல்கிறார். இதில் 'ஒத்தல்' நம் விஷயத்துக்கு மிகவும் சுவையானது. 'அவன் புலியை ஒத்தான்' என்பதில் அவனுக்கும் புலிக்கும் பொருத்தம் பேசப்படுகிறது; ஆனாலும் 'ஐ' இருப்பதால் புலி செயப்படுபொருள். 'அவன் புலி ஆனான்' என்றால் புலி நிரப்பி. முதலாவதில் அவன் வேறு, புலி வேறு. இரண்டாவதில் கதைப்படி இருவரும் ஒன்று.

அடுத்தது, தமிழுக்கே உரிய ஒரு திருப்பம். 'என் அக்கா ஆசிரியர்' என்ற வாக்கியத்தில் வினையே இல்லை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரு வினை வேண்டும். ஆசிரியர் என்பது அங்கே 'சி' ஆகும். தமிழில் அந்த வினை தேவைப்படாததால் ஆசிரியர் என்ற பெயரே பயனிலை ஆகிவிடுகிறது. பெயர்ப் பயனிலை என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். பெயரைப் பயனிலையாகக் கொள்ளும் வழக்கத்தைத் தொல்காப்பியமே எழுவாய் வேற்றுமையின் ஆறு வகைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. ஆனால் அக்கா ஓய்வுபெற்றுவிட்டார் என்று வையுங்கள். 'என் அக்கா ஆசிரியராக இருந்தார்' என்போம். காலத்தைக் காட்ட ஒரு வினை வந்து பயனிலையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆசிரியர் 'ஆக' சேர்த்துக்கொண்டு நிரப்பியாக ஒதுங்கிவிட்டார். ஆள் அதே ஆள், வேலை அதே வேலை, வாக்கிய உறுப்பு மட்டும் வேறு. ஆங்கில வகுப்புப் பழக்கத்தில் முதல் வாக்கியத்திலும் நிரப்பி தேடினால், பயனிலைக் கட்டம் காலியாகக் கிடக்கும்.

'இரு' என்ற வினை வந்தாலே நிரப்பி இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 'அக்கா வீட்டில் இருந்தார்' என்பதில் அக்காதான் வீடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அது இடத்தைச் சொல்லும் தொடர், அவ்வளவே.

இந்தச் சோதனைகள் எல்லாம் வழுக்கும் இடமும் உண்டு. 'அம்மா சட்டையை வெள்ளையாகத் துவைத்தாள்' என்ற வாக்கியத்தில் 'வெள்ளையாக' என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் நிற்கிறது. அந்த வகையில் அது வினையடை. ஆனால் வெள்ளை என்பது துவைத்தலின் குணம் அல்ல, சட்டையின் குணம். துவைத்த பிறகு சட்டை அடைந்த நிலை. அந்த வகையில் நிரப்பி. மொழியியல் படித்தவர்கள் இதை விளைவைச் சொல்லும் நிரப்பியாகக் கொள்ள வாய்ப்பு அதிகம். பள்ளி இலக்கணப் பழக்கத்தில் வினையடை என்றே எழுதிவிடுவார்கள். என் சாய்வு முதல் பக்கம். இருந்தாலும் வினாத்தாளில் வந்தால், அந்தப் பாடத்திட்டம் எதைச் சொல்லிக்கொடுத்ததோ அதை எழுதுவதே மதிப்பெண்ணுக்குப் பாதுகாப்பு.

'எனக்கு அவனைத் தெரியும்' இன்னும் சிக்கலானது. 'அவனை' செயப்படுபொருள், 'தெரியும்' பயனிலை, எழுவாய் எங்கே? அறிகிறவர் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். எழுவாய் உருபில்லாமல் வர வேண்டும் என்பது மரபு. அதனால் மரபிலக்கணம் அதை எழுவாய் என்று ஏற்காது. இன்றைய மொழியியலாளர் பலர் அதை நான்காம் வேற்றுமை ஏற்ற எழுவாய் என்றே வகைப்படுத்துகிறார்கள். வினாத்தாள் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி வாக்கியங்களின் பக்கமே போவதில்லை. அவர்களுக்கும் தெரியும்.