டேஷ்போர்டு தினமும் காலை 7 மணிக்கு அப்டேட் ஆக வேண்டுமா? 'கிரான்' வேலை செய்வது இப்படித்தான்!

பல ஊர்களில் கிளைகள் உள்ள ஒரு துணிக்கடை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலை 9 மணிக்கு மீட்டிங். எந்தக் கிளையில் நேற்று என்ன விற்றது, இன்று குடோனில் இருந்து எங்கே சரக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் திரையில் தெரியும் டேஷ்போர்டைப் பார்த்துத்தான் முடிவாகும். அந்த டேஷ்போர்டைப் புதுப்பிக்கும் பைத்தான் ஸ்கிரிப்டை, டேட்டா பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் தினமும் காலையில் கையால் ஓட்டிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்.

ஒருநாள் மறந்துவிட்டார். பஸ்ஸில் சிக்னலும் இல்லை. மீட்டிங்கில் இருந்தவர்கள் முந்தாநாள் கணக்கை நேற்றைய கணக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். சரக்கு தேவையே இல்லாத கிளைக்கு லாரி போய்ச் சேர்ந்தது.

'இதை யாராவது தானா ஓட்டிட்டா நல்லா இருக்குமே' என்று தோன்றும் இடத்தில்தான் கிரான் வருகிறது. யூனிக்ஸ் காலத்திலிருந்தே இருக்கும் கருவி இது. 1987-ல் பால் விக்ஸி என்பவர் எழுதிய பதிப்பும் அதன் வழிவந்தவையும்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் இருக்கின்றன. கிளவுட் சேவைகளில் 'ஷெட்யூல்' என்ற பெட்டியில் ஐந்து நட்சத்திரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே எழுத்துமுறைதான், சில சேவைகளில் சின்னச் சின்ன மாற்றங்களோடு.

வாட்ச்மேனிடம் கொடுத்த சீட்டு

அபார்ட்மென்ட் வாட்ச்மேனிடம் 'காலை 6 மணிக்கு மோட்டார் போடணும்' என்று சீட்டு எழுதிக் கொடுப்போமே, கிரானும் அப்படித்தான். ஆனால் இந்த வாட்ச்மேன் கொஞ்சம் விசித்திரமானவர். நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார். இரண்டும் பொருந்தினால் வேலையைத் தொடங்கிவிடுவார், பொருந்தாவிட்டால் அடுத்த நிமிடம் வரை சும்மா இருப்பார். போன நிமிடம் என்ன நடந்தது என்ற நினைவு அவருக்குக் கிடையாது. தொட்டியில் தண்ணீர் ஏறியதா என்றும் எட்டிப் பார்க்க மாட்டார்.

இந்த ஒரு குணத்தைப் புரிந்துகொண்டால், கிரானில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை விளங்கிவிடும்.

சீட்டில் ஐந்து கட்டங்கள் இருக்கும். இடமிருந்து வலமாக நிமிடம் (0 முதல் 59), மணி (0 முதல் 23), தேதி (1 முதல் 31), மாதம் (1 முதல் 12), கிழமை (0 முதல் 6, ஞாயிறு என்றால் 0). நட்சத்திரக் குறி போட்டால் 'எதுவாக இருந்தாலும் சரி' என்று அர்த்தம். தினமும் காலை 7 மணி என்பதை இப்படி எழுத வேண்டும்:

```
0 7 * * *
```

நிமிடம் 0, மணி 7. தேதியும் மாதமும் கிழமையும் எதுவானாலும் பரவாயில்லை. அவ்வளவுதான்.

புதிதாக எழுதுபவர்கள் பலர் முதலில் சறுக்குவது அந்தப் பூஜ்ஜியத்தில்தான். '7 மணி என்று சொல்லியாச்சே, நிமிடம் எதுக்கு' என்று நினைத்து `* 7 * * *` என்று எழுதிவிடுவார்கள். வாட்ச்மேன் 7:00-க்குப் பார்க்கிறார், பொருந்துகிறது. 7:01-க்கும் பொருந்துகிறது, ஏனென்றால் நிமிடம் எதுவானாலும் சரி என்றுதானே சீட்டு சொல்கிறது? இப்படி 7:59 வரை 60 தடவை ஸ்கிரிப்ட் ஓடும். ஒருமுறை ஓடி முடிக்க 10 நிமிடம் எடுக்கும் ஸ்கிரிப்ட் என்றால், முதலாவது முடிவதற்குள் இன்னும் ஒன்பது கிளம்பியிருக்கும். டேட்டாபேஸ் திணற ஆரம்பிக்கும்போதுதான் விஷயமே தெரியவரும்.

வாட்ச்மேன் எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்?

துணிக்கடை உதாரணத்துக்கே வருவோம். சர்வரில் `crontab -e` என்று தட்டினால் சீட்டு திறக்கும். `0 7 * * *` என்று சரியாகவே எழுதிவிட்டார். மறுநாள் காலை ஆவலாகப் பார்த்தால், டேஷ்போர்டு மாறவே இல்லை. சரி, எங்கேயோ தப்பு என்று மதியம் உட்கார்ந்து பார்க்கும்போது, பகல் 12:30-க்கு அது அப்டேட் ஆகியிருக்கிறது!

தாமதம் சரியாக ஐந்தரை மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்ததுமே காரணம் பிடிபட வேண்டும். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் இந்திய நேரத்தில் ஓடுவதில்லை, யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில்தான் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சர்வரின் கடிகாரத்தில் 7 அடிக்கும்போது இங்கே பகல் 12:30.

ஊகிக்காமல் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. சீட்டில் தற்காலிகமாக இந்த வரியைச் சேர்க்கலாம்:

```
* * * * * date >> /home/sales/test.log
```

ஒவ்வொரு நிமிடமும் அப்போதைய நேரத்தை ஒரு ஃபைலில் எழுதச் சொல்லும் வரி இது. மூன்று நிமிடம் பொறுத்து ஃபைலைத் திறந்தால் மூன்று வரிகள் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை என்றால் கிரான் ஓடவே இல்லை, அல்லது அந்த ஃபைலில் எழுத அனுமதி இல்லை. வரிகளில் நேரத்தோடு UTC என்றும் இருந்தால் கணக்கை மாற்றிப் போட வேண்டும். பார்த்து முடித்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபைல் வளர்ந்துகொண்டே போகும்.

காலை 7:00-லிருந்து ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் 1:30. அலுவலகம் திங்கள் முதல் சனி வரைதான் என்பதால் கிழமையையும் சேர்த்துக்கொள்ளலாம்:

```
30 1 * * 1-6
```

இந்தியாவிலும் சரி, யுடிசியிலும் சரி, கோடைக்கு ஒரு நேரம், குளிருக்கு ஒரு நேரம் என்று கடிகாரத்தை மாற்றும் வழக்கம் இல்லை. எனவே இந்தக் கணக்கு வருடம் முழுக்க நிற்கும். லண்டன் உள்ளூர் நேரத்தில் ஓடும் சர்வர் என்றால் இந்த நிம்மதி கிடையாது. கோடையில் வித்தியாசம் நாலரை மணி நேரமாகக் குறைந்துவிடும்.

இதில் இன்னொரு குழி இருக்கிறது. மேனேஜர் வந்து, '7 மணி லேட், 5 மணிக்கே ரெடியா இருக்கணும்' என்கிறார். காலை 5:00-லிருந்து ஐந்தரையைக் கழித்தால் முந்தைய நாள் இரவு 11:30. நம்மூரில் திங்கள் விடிந்திருக்கும், சர்வரில் இன்னும் ஞாயிறு இரவுதான். `30 23 * * 1-6` என்று எழுதினால் திங்கட்கிழமை காலை டேஷ்போர்டு பழசாகவே இருக்கும், யாரும் இல்லாத ஞாயிறு காலை பளிச்சென்று புதுசாக இருக்கும். கிழமையையும் ஒருநாள் பின்னால் தள்ளி, `30 23 * * 0-5` என்று எழுத வேண்டும். செவ்வாய் முதல் சனி வரை எல்லாம் சரியாக நடப்பதால் இந்தத் தவறு சட்டென்று கண்ணில் படாது. 'திங்கட்கிழமை மட்டும் ஏன் வரலை' என்று யாராவது கேட்டால், முதலில் இங்கே பாருங்கள்.

சில கிரான் பதிப்புகளில் சீட்டின் மேலே `CRON_TZ=Asia/Kolkata` என்று எழுதிவிட்டால் இந்தக் கழித்தல் வேலையே இல்லை. பல கிளவுட் சேவைகளிலும் நேர மண்டலத்தைத் தேர்வு செய்ய முடியும். ஆனால் இந்த வசதி இல்லாத பதிப்பில் அதே வரியை எழுதினால் எந்த எச்சரிக்கையும் வராது, வாட்ச்மேன் பழைய கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் எழுதிவிட்டு ஒருநாள் சரிபார்ப்பது நல்லது.

கையால் ஓட்டினால் ஓடுது, கிரானில் ஓடலையே?

நேரம் சரியாகிவிட்டது. ஆனாலும் டேஷ்போர்டு மாறவில்லை. அதே ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. என்ன கொடுமை இது?

நாம் சர்வருக்குள் லாகின் செய்யும்போது, எந்த புரோகிராம் எங்கே இருக்கிறது என்ற தகவல்கள் நமக்காகத் தயாராகிவிடுகின்றன. கிரானுக்கு அந்த ஏற்பாடுகள் கிடைப்பதில்லை, மிகக் குறைந்த தகவலோடுதான் அது வேலையைத் தொடங்கும். எந்த ஃபோல்டரில் நின்றுகொண்டு ஸ்கிரிப்டை ஓட்டினோம் என்பதும் அதற்குத் தெரியாது. அதனால் முழு முகவரியையும் கொடுத்துவிட வேண்டும்:

```
30 1 * * 1-6 /usr/bin/python3 /home/sales/refresh.py >> /home/sales/refresh.log 2>&1
```

வரியின் கடைசிப் பகுதிதான் முக்கியம். ஸ்கிரிப்ட் சொல்வதை எல்லாம், பிழைச் செய்தி உட்பட, ஒரு லாக் ஃபைலில் சேர்த்து வைக்கச் சொல்கிறது அது. இது இல்லை என்றால் ஸ்கிரிப்ட் பாதியில் விழுந்தாலும் ஏன் விழுந்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். ஸ்கிரிப்டுக்குள் வேறு ஃபைல்களைத் திறக்கிறீர்கள் என்றால் அங்கேயும் முழு முகவரிதான் பாதுகாப்பு.

வாட்ச்மேனுக்கு நினைவு கிடையாது என்று பார்த்தோம். காலை 7 மணிக்கு மெஷின் அணைந்திருந்தால் அந்த நாளின் வேலை போனது போனதுதான், 7:05-க்கு ஆன் செய்தாலும் விட்டதைப் பிடிக்க மாட்டார். சொந்த லேப்டாப்பில் கிரான் எழுதிவிட்டு இரவு மூடி வைப்பவர்களுக்கு இது பொருந்தும்.

7 மணிக்கு ஓடியது, ஆனால் டேட்டா வரவில்லை

துணிக்கடையில் இதற்குப் பிறகும் ஒரு வம்பு வரலாம். கிளைகளின் பில் கணக்கு இரவில் சர்வருக்கு வந்து சேர்கிறது. வழக்கமாக காலை 6 மணிக்குள் முடிந்துவிடும். தீபாவளி நெருக்கத்தில் பில்கள் குவிந்து 7:20 ஆகிவிட்டது. கிரான் 7:00-க்குக் கச்சிதமாக ஓடியது, ஸ்கிரிப்ட்டும் பிழையே இல்லாமல் முடிந்தது, லாக் சுத்தம். டேஷ்போர்டில் மட்டும் பாதிக் கிளைகளின் கணக்குதான் இருக்கிறது.

கிரானைக் குற்றம் சொல்ல முடியாது. நேரம் மட்டும்தான் அதற்குத் தெரியும். இதற்கு, ஒரே ஒருமுறை ஓட்டுவதற்குப் பதில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை முயற்சி செய்யச் சொல்லலாம்:

```
*/15 1-2 * * 1-6
```

யுடிசியில் 1:00 முதல் 2:45 வரை, அதாவது இங்கே காலை 6:30 முதல் 8:15 வரை, எட்டு முறை ஸ்கிரிப்ட் கிளம்பும். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்க வேண்டும்: எல்லாக் கிளைகளின் கணக்கும் வந்துவிட்டதா? இன்றைய புதுப்பிப்பு ஏற்கெனவே முடிந்ததா? கணக்கு இன்னும் வரவில்லை என்றாலும், வேலை முடிந்துவிட்டது என்றாலும் ஸ்கிரிப்ட் பேசாமல் நின்றுவிடும். அந்த தீபாவளிக் காலையில் 7:30 முயற்சி வெற்றி பெற்றிருக்கும், 9 மணி மீட்டிங்குக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சம்.

கடைசியாக, டேஷ்போர்டின் மூலையில் 'கடைசியாகப் புதுப்பித்தது: காலை 7:00' என்று போடும் வழக்கம் இருக்கிறது. அது ஸ்கிரிப்ட் ஓடிய நேரத்தைத்தான் சொல்லும், பாதிக் கணக்கோடு ஓடிய நாளிலும் அதேதான் இருக்கும். அதற்குப் பதிலாக, எத்தனை கிளைகளின் கணக்கு வந்திருக்கிறது என்பதையும், அவற்றில் உள்ள கடைசி பில்லின் தேதி, நேரத்தையும் போடலாம். அப்படிப் போட்டிருந்தால், முந்தாநாள் தேதியைப் பார்த்த யாராவது ஒருவர் லாரி கிளம்பும் முன்பே கேள்வி கேட்டிருப்பார்.