தொகையைக் காட்டுவோம், முகவரியை ஏன் காட்ட வேண்டும்?

மின்கட்டணம் 2022 ஓகஸ்ட் மாதத்தில் சராசரியாக 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்ட வேளையில் எமது மக்கள் மத்தியில் ஒரு வழக்கம் வேரூன்றியது. வீட்டுக்கு வந்த மின்பட்டியலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, முகநூலிலோ வட்ஸ்அப் குழுமத்திலோ இட்டு, “இந்த அநியாயத்தைப் பாருங்கள்” என்று முறையிடுவதே அது. வயிற்றெரிச்சலுடன் இடப்பட்ட அப்படங்களிற் பெரும்பாலானவற்றில் தொகையுடன் சேர்த்து வீட்டுக்காரரின் பெயரும் முகவரியும் கணக்கு இலக்கமும் ஊரறியப் போயின.

கணக்கு இலக்கம் வெளியே தெரிந்துவிட்டால் எவரும் எமது பணத்தைத் திருடிவிட முடியாது என்பது உண்மையே. அந்த இலக்கத்தைக் கொண்டு பிறர் செய்யக்கூடியது பெரும்பாலும் எமது கட்டணத்தைச் செலுத்துவது மாத்திரமே. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, பெயரைச் சொல்லி, கணக்கு இலக்கத்தைச் சொல்லி, நிலுவைத் தொகையை ரூபா சதம் பிசகாமல் ஒப்புவித்து, “இன்று மாலைக்குள் இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பாவிடின் இணைப்புத் துண்டிக்கப்படும்” என்றால், அவர் அலுவலகத்திலிருந்து பேசுகிறார் என்றே எவரும் நம்புவர். அந்த நம்பிக்கையை அவருக்கு வழங்கியது நாம் இட்ட படமாகவே இருக்கக்கூடும்.

ஆகவே தொகையுள்ள பகுதியை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையதை வெட்டிவிடுவதே முறை. ஆனால் வெட்டியதாக நாம் நினைப்பது எப்போதும் வெட்டப்பட்டுவிடுவதில்லை. சில காலத்துக்கு முன்னர் வாசகி ஒருவர் மின்பட்டியல் பற்றிய தமது முறைப்பாட்டை வேர்ட் ஆவணமாக எமக்கு அனுப்பியிருந்தார். கணவர் வெளிநாட்டில் பணிபுரிய, பிள்ளைகளுடன் தனித்து வாழ்பவர். கடிதத்தின் நடுவே பட்டியலின் படம் இருந்தது. பெயரையும் முகவரியையும் கவனமாக வெட்டியே வைத்திருந்தார். பக்க வடிவமைப்பாளர் அப்படத்தின் மீது சொடுக்கி, Crop என்பதை அழுத்தினார். அவ்வளவுதான், மறைந்திருந்த மேற்பகுதி முழுவதும் மங்கலாகத் திரையில் எழுந்து நின்றது.

வேர்ட் மென்பொருள் படத்தை உண்மையில் வெட்டுவதில்லை, மூடி வைக்கிறது. பயனர் பின்னர் மனம் மாறினால் பழைய படத்தை மீட்கலாம் என்பதற்காக முழுப்படமும் ஆவணத்தினுள்ளேயே கிடக்கும். Compress Pictures என்பதைத் திறந்து, Delete cropped areas of pictures என்பதைத் தெரிவுசெய்து, பின்னர் ஆவணத்தைச் சேமித்தால்தான் வெட்டிய பகுதி நீங்கும். பவர்பொயின்ற் மென்பொருளிலும் இதே கதைதான். பி.டி.எஃப். கோப்பில் பக்கத்தின் ஓரத்தை வெட்டினாலும் அநேகமாக அப்பகுதி கண்ணுக்கு மறைக்கப்படுகிறதேயன்றி அழிக்கப்படுவதில்லை.

படமாகவே வெட்டினாலும் ஒரு காலத்தில் இத்தகைய வழு நேர்ந்ததுண்டு. கூகுளின் பிக்சல் தொலைபேசிகளிலிருந்த படத் திருத்தியில் பல்லாண்டுகள் கவனிக்கப்படாதிருந்த குறைபாடொன்றை சைமன் ஆரன்ஸ், டேவிட் புகானன் ஆகிய இருவர் 2023 மார்ச் மாதத்தில் பகிரங்கப்படுத்தினர். பழைய ஒலிநாடாவை நினைவில் வைத்திருப்போருக்கு இதை விளக்குவது எளிது. நீண்ட பாடலொன்றின் மேல் குறுகிய பாடலொன்றைப் பதிவு செய்தால், புதியது முடிந்ததும் பழையதன் வால் ஒலிக்கும் அல்லவா? அவ்வாறே வெட்டப்பட்ட சிறிய படம் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதப்பட்டது. எஞ்சிய வால் அகற்றப்படவில்லை. அந்த வாலிலிருந்து வெட்டிய பகுதியின் ஒரு பங்கை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11 இன் திரைப்பிடிப்புக் கருவியிலும் இதையொத்த குறை அதே மாதத்தில் கண்டறியப்பட்டது. இரண்டும் அப்போதே திருத்தப்பட்டுவிட்டன. எனினும் திருத்தத்துக்கு முன்னர் வெட்டி, முழுக் கோப்பாக எங்கேனும் அனுப்பிய படங்களை எந்தத் திருத்தமும் எட்டாது.

இனி, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி. இதிற்றான் பலர் மறுபுறமாகத் தவறுகின்றனர். அச்சத்தில் மொத்தத் தொகையை மாத்திரம் தறித்தெடுத்து அனுப்பினால் அது எதனையும் நிரூபிக்காது. மேற்படி வாசகியின் பட்டியலில் மொத்தம் ரூபா 16,050 என்றிருந்தது. ஒரு மாதத்துக்கு இவ்வளவா என்று நாமும் திகைத்தோம். மேலுள்ள வரிகளை வாசித்தபோதுதான் அதில் 9,210 ரூபா முன்னைய நிலுவை என்பதும், அம்மாதக் கட்டணம் 6,840 ரூபாவே என்பதும் தெரிந்தது. அதுவும் 36 நாட்களுக்கான கட்டணம். அதற்கு முந்திய பட்டியலோ 28 நாட்களுக்குரியது. இரண்டையும் அப்படியே அருகருகே வைத்து ஒப்பிடுவது பிழையாகும். ஆகவே முன்னைய வாசிப்பு, தற்போதைய வாசிப்பு, அவற்றின் திகதிகள், அலகுகள், அம்மாதக் கட்டணம், நிலுவை, மொத்தம் ஆகிய வரிகள் படத்தில் இருக்க வேண்டும். பெயர், முகவரி, கணக்கு இலக்கம், மானி இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியன இருக்கக்கூடாது. பட்டைக்குறியீடும் சதுரக்குறியீடும் எமது கண்ணுக்கு வெறும் கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரிந்தாலும், அவற்றினுள் கணக்கு இலக்கமே பொதிந்திருக்கக்கூடும். கிழித்துக் கொடுப்பதற்கான அடித்துண்டில் அதே இலக்கம் மறுபடியும் அச்சிடப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மேற்பகுதியை வெட்டிவிட்டு அடித்துண்டை விட்டுவிடுகின்றனர்.

சிலர் வெட்டுவதற்குப் பதிலாகத் தொலைபேசியிலுள்ள கறுப்புப் பேனாவால் பெயரைக் கிறுக்கி மறைக்கின்றனர். அப்பேனாக்களுட் சில ஒளி ஊடுருவும் தன்மையன. பார்வைக்குக் கறுப்பாகத் தோன்றினாலும், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும்போது எழுத்துகள் நிழலாக மேலெழும். கிறுக்குவதிலும் வெட்டுவது நன்று.

வெட்டுவதிலும் நன்று, படமெடுக்கு முன்னரே தாளை மடித்துவிடுவது. வாசகியிடம் தொலைபேசியில் நாம் சொன்னதும் இதைத்தான். பட்டியலின் தலைப்பகுதியையும் அடித்துண்டையும் பின்புறமாக மடியுங்கள். தாள் மெல்லியதானால் பின்னாலுள்ள எழுத்துத் தெரியும். ஆகையால் மடிப்பினுள் தடித்த தாளொன்றைச் செருகுங்கள். பின்னர் நேர்மேலே நின்று படமெடுங்கள். கமராவின் கண்ணுக்கே படாததை எந்த மென்பொருளும் மீட்டுத்தர முடியாது. ஏற்கெனவே முழுப்படம் எடுத்தாயிற்றென்றால், அதைத் திரையில் பெருப்பித்து, தொகையுள்ள பகுதி மாத்திரம் தெரியும்படி நிறுத்தி, திரையைப் படம்பிடித்து அந்தப் புதிய படத்தை அனுப்பலாம். திரையில் இல்லாதது அதில் இராது. பட்டியல் குறுஞ்செய்தியாக வந்திருந்தாலும் இவ்வாறே செய்யலாம். செய்தியை அப்படியே முன்னனுப்பினால் கணக்கு இலக்கமும் கூடவே போய்விடும்.

இன்னுமொன்று. தொலைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கிக்கொண்டிருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படத்தினுள்ளும் அது எடுக்கப்பட்ட இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் எழுதப்படும். படத்தை வெட்டினாலும் அவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். பட்டியலை வீட்டில் வைத்துத்தானே படமெடுக்கிறோம்! வெட்டியெறிந்த முகவரி வேறு வடிவில் படத்துடன் பயணிக்கிறது. வட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பும்போது இத்தகவல் நீக்கப்படுகிறது. தெளிவு குறையாதிருக்கட்டும் என்று ஆவணமாக இணைத்தாலோ மின்னஞ்சலில் அனுப்பினாலோ நீங்குவதில்லை. திரைப்பிடிப்பில் இந்த இடத்தகவல் பதிவாவதில்லை என்பது அதன் இன்னொரு வசதி.

வாசகி மறுநாள் மடித்தெடுத்த படமொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். ஓரத்தில் மாத்திரம் மானி இலக்கத்தின் கடைசி மூன்று எண்கள் எட்டிப் பார்த்தன. பிரசுரிக்கு முன்னர் அதையும் நாமே வெட்டினோம்.