பத்து வட்டிக்குப் போன பணம்

நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டி என்று சொல்லிப் பணம் வாங்கும் நிறுவனம், முதல் சில மாதங்கள் சொன்னபடியே கொடுக்கும். சொன்ன தேதியில் சொன்ன தொகை வங்கிக் கணக்கில் வந்து விழும். இழந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஊர் ஏசும்போது இந்த விவரம் விடுபட்டுப் போகிறது. அவர்களில் பலர் முதலில் கொஞ்சம் போட்டு, வட்டி ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து, வந்த பிறகே கையிலிருந்த மிச்சத்தையும் கொடுத்தவர்கள். சோதித்துப் பார்த்ததுதான் அவர்களைச் சிக்க வைத்தது. அந்தச் சோதனையில் தேறும்படியாகவே திட்டம் அமைக்கப்பட்டிருந்தது.

இந்த முறை பழையது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1920-ஆம் ஆண்டு சார்லஸ் பான்சி என்பவர் 45 நாளில் 50 விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்லிப் பணம் திரட்டினார். வெளிநாட்டு அஞ்சல் கூப்பன்களை வாங்கி விற்பதில் அந்த லாபம் கிடைப்பதாகச் சொன்னார். உண்மையில், புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்துப் பழையவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கைதானார். இவ்வகை மோசடிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. தமிழ்நாட்டில் பெருந்துறையைச் சுற்றி நடந்து 2012-இல் நொறுங்கிய ஈமு கோழித் திட்டங்களைக் கொங்கு மண்டலத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கூப்பன், கோழி, தங்கம், நிலம் என்று முன்னால் நிறுத்தும் பொருள் காலத்துக்குக் காலம் மாறுகிறது.

பணம் போவதும், போன பிறகு ஒருவர் எழுந்து நிற்பதும் எப்படி நடக்கின்றன என்பதை ஒரு கதையாகப் பார்த்தால் எளிதில் விளங்கும். கதையில் வரும் இளைஞர் கற்பனை மனிதர். கணக்கு இத்தகைய திட்டங்களின் வழக்கமான கணக்கு. அவருக்கு வயது 24. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃபிளாட்லாக் தைக்கிறார். சனிக்கிழமைதோறும் சம்பளம்; ஒன்றரை ஷிப்ட் ஓடும் வாரங்களையும் சேர்த்துச் சராசரியாக மாதம் 18,000 ரூபாய் வரும். நான்கு ஆண்டுகளில் 1,80,000 ரூபாய் சேர்த்திருந்தார்.

அவரிடம் திட்டத்தைக் கொண்டுவந்தவர் கோட் அணிந்த வெளியாள் அல்லர். அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்த ஒரு அண்ணன். டீ நேரத்தில் செல்பேசியை எடுத்து, பணம் வரவான குறுஞ்செய்தியைக் காட்டினார். “எனக்கு அஞ்சு மாசமா வருதுங்க தம்பி. நீங்க நம்ப வேண்டாம், சும்மா அம்பதாயிரம் போட்டுப் பாருங்க.” சனவரியில் இளைஞர் 50,000 ரூபாய் போட்டார். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் ஒன்று தந்தார்கள். ஓராண்டு முடிந்ததும் முதல் திரும்பும், அதுவரை மாதம் 5,000 ரூபாய் வட்டி என்று அதில் எழுதியிருந்தது. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் பணம் வந்தது.

ஏப்ரல் கடைசியில் அவர் ஒரு கணக்குப் போட்டார். ஊரில் அம்மாவின் நகையை அடகு வைத்தால் ஒரு லட்சம் கிடைக்கும். அதற்கு ஒரு வட்டி, அதாவது மாதம் 1,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே லட்சத்துக்குக் கம்பெனி 10,000 ரூபாய் தருகிறது. கை நனையாமல் மாதம் 9,000 ரூபாய் மிச்சம். நகைக்கடன் ஒரு லட்சத்தையும் மீதிச் சேமிப்பு 1,30,000 ரூபாயையும் சேர்த்துக் கொடுத்தார். இப்போது அவர் போட்டது மொத்தம் 2,80,000. மாத வட்டி 28,000. மே மாதமும் சூன் மாதமும் அது வந்தது. அந்தத் தெம்பில் 40,000 ரூபாய் முன்பணம் கட்டி, மாதத் தவணை 3,800 ரூபாய்க்கு ஒரு பைக் எடுத்தார். அறையில் உடன் தங்கியிருந்த நண்பரும் அவரைப் பார்த்து 50,000 ரூபாய் போட்டார். ஆளைச் சேர்த்ததற்கு இளைஞரின் கணக்கில் 1,000 ரூபாய் கமிஷன் வந்தது.

சூலையில் வட்டி வரவில்லை. மென்பொருள் மாற்றுகிறோம், பத்து நாளில் சேர்த்து வரும் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பிறகு அந்தக் குழுவில் அட்மின் தவிர யாரும் எழுத முடியாதபடி மாற்றினார்கள். ஆகஸ்டில் அலுவலகத்தில் பூட்டு தொங்கியது. அதுவரை அவர் கைக்கு வட்டியாக வந்தது 71,000 ரூபாய். கொடுத்த 2,80,000-இல் அதைக் கழித்தால் இழப்பு 2,09,000. அதற்கு மேல் நகைக்கடனும் பைக் தவணையும் தலையில் நின்றன.

நிறுவனத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த முடிவில் வியப்பு எதுவும் இல்லை. நூறு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டால் ஒரு கோடி சேரும். மாத வட்டி மட்டும் பத்து லட்சம். ஏஜென்ட் கமிஷன், வாடகை, ஓட்டலில் நடத்தும் கூட்டம் எதையும் சேர்க்காமலே பத்தாவது மாதத்தில் கோடி காலியாகிவிடும். அப்போதும் நூறு பேருக்குத் திருப்ப வேண்டிய முதல் ஒரு கோடி பாக்கி இருக்கும். அதைச் சமாளிக்கப் புதிய ஆட்கள் வேண்டும். அவர்களுக்கும் மாதம் பத்து வட்டி என்பதால் அடுத்த சுற்றில் இன்னும் அதிகம் பேர் வேண்டும். இளைஞருக்கு முதல் மூன்று மாதம் வந்த 15,000 ரூபாய், அவர் கொடுத்த 50,000-இலிருந்தே திரும்பி வந்திருக்கலாம். நிறுவனம் எதையும் ஈட்டியிருக்க வேண்டிய தேவையில்லை. வட்டி வந்தது என்பதை வைத்து வியாபாரம் நடக்கிறது என்று முடிவுகட்ட முடியாதது இதனால்தான்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்தது. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அனுமதி பெற்றவையும் ஆண்டுக்கு 12.5 விழுக்காட்டுக்கு மேல் வட்டி தரக் கூடாது. ஊர்ப் பேச்சில் சொன்னால், சட்டம் அனுமதிக்கும் உச்சமே ஒரு வட்டிக்குச் சற்று மேல்தான். அந்த அலுவலகச் சுவரில் கம்பெனிப் பதிவுச் சான்றிதழும் ஜிஎஸ்டி சான்றிதழும் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. இரண்டும் உண்மையானவையாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு கம்பெனியைப் பதிவு செய்வது வேறு, மக்களிடம் வைப்புத்தொகை வாங்க அனுமதி பெறுவது வேறு. ஒரு நிறுவனத்துக்கு அந்த அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கி நடத்தும் sachet.rbi.org.in தளத்தில் பார்க்கலாம். அங்கேயே புகாரும் கொடுக்கலாம்.

பூட்டைப் பார்த்த பிறகு இளைஞர் செய்த நல்ல காரியம், ஏஜென்ட் அண்ணனின் பேச்சைக் கேட்டுக் காத்திராமல் இருந்தது. “புகார் குடுத்தா அக்கவுண்டை முடக்கிருவாங்க, அப்புறம் யாருக்கும் வராது” என்றார் அவர். இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் கேட்பது. காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் சொத்துகளைக் கைமாற்ற நிறுவனத்துக்குக் கிடைக்கும் அவகாசம். தமிழ்நாட்டில் இத்தகைய வழக்குகளைப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறை விசாரிக்கிறது. 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று, முதலீட்டாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். முத்திரைத்தாள் ஒப்பந்தம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வட்டி வந்த பதிவுகள், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நகலெடுத்துப் புகாருடன் கொடுத்தார். வந்த வட்டியையும், நண்பரைச் சேர்த்ததற்குக் கிடைத்த கமிஷனையும் மறைக்காமல் எழுதினார். ஆள் சேர்த்தவர்களும் விசாரணைக்குள் வருவது உண்டு. மறைத்தது பின்னால் தெரிந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

இந்தப் பணம் எப்போது வரும், எவ்வளவு வரும் என்பது முடக்கப்பட்ட சொத்தைப் பொறுத்தது. கேட்புத்தொகை நூறு கோடியாகவும் விற்ற சொத்து இருபது கோடியாகவும் இருந்தால், நூறு ரூபாய்க்கு இருபது ரூபாய்தான் கிடைக்கும். அதற்கும் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே இளைஞர் அதை வரவில் சேர்க்காமலே தன் கணக்கை எழுதினார். இடையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஐயாயிரம் ரூபாய் கட்டினால் பட்டியலில் அவர் பெயரை முன்னுக்குக் கொண்டுவந்து பணத்தை விடுவித்துத் தருவதாகச் சொன்னார். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்களைத் தேடி வரும் இரண்டாவது மோசடி இது. அரசோ நீதிமன்றமோ இப்படி முன்பணம் கேட்டுத் தொலைபேசியில் பேசுவதில்லை.

அவர் முதலில் செய்தது, ஆள் சேர்த்ததற்கு வந்த 1,000 ரூபாயை நண்பரிடம் கொடுத்தது. அடுத்து பைக்கை விற்றுக் கடனை முடித்தார். முன்பணத்தில் பெரும்பகுதி போயிற்று. ஆனால் மாதம் 3,800 ரூபாய்ச் செலவு நின்றது. பிறகு நகைக்கடன். “நகை போனாப் போவுது கண்ணு, நீ சாப்பிடாம இருக்காதே” என்றார் அம்மா. அவர் நகையை விடவில்லை. 12 விழுக்காட்டுக் கடனை வைத்துக்கொண்டு ஆறேழு விழுக்காட்டு வட்டிக்குச் சேமித்தால் நட்டம் என்பதால், கடனை அடைப்பதுதான் அவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகச் சிறந்த முதலீடு. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் 6,000, வீட்டுக்கு 3,000 போக, வட்டியும் அசலுமாக மாதம் 6,000 ரூபாய் கட்டினார். 19-ஆவது மாதத்தில் நகை மீண்டது.

அந்த 19 மாதமும் சனிக்கிழமை சம்பளத்தில் 500 ரூபாயை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டு வந்தார். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் அட்டை வாங்கவில்லை, செல்பேசிச் செயலியும் இணைக்கவில்லை. கடன் முடிந்தபோது அதில் சுமார் 40,000 ரூபாய் இருந்தது. இரண்டு மாதம் வேலை இல்லாமல் போனாலும் வாடகைக்கும் வீட்டுக்கும் யாரிடமும் கைநீட்ட வேண்டாத தொகை.

அதன்பின் அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கி மாதம் 3,000 ரூபாய் கட்டினார். வட்டி 6.7 விழுக்காடு என்றால், கட்டிய 1,80,000 ரூபாய் முடிவில் ஏறக்குறைய 2,14,000 ரூபாயாகும். நான்கு ஆண்டுகளில் சேர்த்து ஏழு மாதங்களில் இழந்த அதே 1,80,000 ரூபாய். பத்து வட்டியைப் பார்த்த கண்ணுக்கு, அதன் மேல் கிடைக்கும் 34,000 ரூபாய் சிறிதாகத் தெரியும். ஆனால் அந்தத் தொகைக்கு மத்திய அரசு பொறுப்பு. தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்குமுன் கணக்கை முடிக்க முடியாது. அதன்பின் இடையில் முடித்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டிதான் கிடைக்கும். ஆகவே கம்பெனியில் ஆர்டர் குறைந்து அரை ஷிப்ட் மட்டுமே ஓடிய மாதங்களில் அவர் தொடர் வைப்பைத் தொடவில்லை. ஏடிஎம் அட்டை இல்லாத கணக்கிலிருந்து, வங்கிக்கு நேரில் போய்ப் படிவம் எழுதிப் பணம் எடுத்துத் தவணையைக் கட்டினார். வேலை திரும்பியதும் எடுத்ததை முதலில் அங்கேயே போட்டு நிரப்பினார்.