பதினொன்றாம் தேதிக்குள் வரவேண்டிய பில்கள்

கோவையில் ஒரு பம்ப்செட் விற்பனை நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டவில்லை, இ-இன்வாய்ஸ் கட்டாயமில்லை. அதனால் பில் விவரம் போர்ட்டலில் தானாக ஏறாது. மதுரைக் கிளையில் விற்பனையைப் பார்ப்பவர் அனுப்பினால்தான் கணக்குப் பிரிவுப் பெண்ணுக்கு வேலை ஓடும். அவரோ, "நாளைக்கு அனுப்பிடறேம்மா" என்று மூன்று நாளாகச் சொல்கிறார்.

மாதந்தோறும் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் கெடு அடுத்த மாதம் 11-ம் தேதி. அதைத் தவறவிட்டால் தாமதக் கட்டணத்தோடு முடிவதில்லை. வாங்கியவருக்கு 14-ம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் அந்த பில் இருக்காது. அவருடைய உள்ளீட்டு வரி வரவு ஒரு மாதம் தள்ளிப்போகும். பிறகு போன் அடிப்பது அந்த வாடிக்கையாளர், அதுவும் மதுரைக்காரருக்குத்தான். இந்தச் செய்தியை முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுவது, "அர்ஜென்ட்" என்று பத்து முறை எழுதுவதைவிட வேலை செய்யும்.

பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. 43 பில்களில் மூன்றுக்கு வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண் கிடைக்கவில்லை; அது வந்ததும் மொத்தமாக அனுப்பலாம் என்று அவர் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பார். "எப்போ அனுப்புவீங்க?" என்று கேட்டால் இது வெளியே வராது. "எதுல நிக்குது?" என்று கேட்டால் வரும்.

கணக்குப் பிரிவில் இருப்பவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பில் எண்கள் 211 முதல் 253 வரை வரிசையாக எழுதிய தாளை அவரே தயாரித்து அனுப்பலாம். வெறும் தாளை நிரப்பத் தயங்குபவர்கூடப் பாதி நிரம்பிய தாளை முடித்துவிடுவார். கூடவே, "அண்ணா, கையில இருக்கற நாப்பதை இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க. மிச்சம் மூணு பேர் நம்பரைக் குடுங்க, நானே கேட்டுக்கறேன்" என்று இரண்டு வரி போதும்.

ஜிஎஸ்டி எண் கிடைக்கவில்லையே என்று அந்த மூன்றையும் பதிவில்லாத வாடிக்கையாளர் விற்பனையாக ஏற்றிவிடும் பழக்கமும் இருக்கிறது. தாக்கல் முடிந்துவிடும், வாங்கியவரின் வரவு போய்விடும். பிறகு திருத்த வேண்டும். விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிப்பது எளிது: படிவத்தில் பில் எண்களின் தொடக்கம், முடிவு, ரத்தானவை எத்தனை என்று எழுத வேண்டும். ஒரு எண் குறைந்தால் அங்கே கணக்கு இடிக்கும்.

8-ம் தேதி ஆகியும் எதுவும் வரவில்லையா? மேலாளருக்கு நகல் போட்டு மெயில் அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன் போனில், "அண்ணா, நாளைக்குக் காலைல மேனேஜர்கிட்ட சொல்ல வேண்டியதாயிரும், அதுக்குள்ள அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் போனதாக அவர் நினைத்துவிட்டால், அடுத்த மாதப் பில்லுக்கு இன்னும் இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருக்க வேண்டிவரும்.